மிட்லைன் ஷிப்ட் இல்லை என்ற ஒரு வரியை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்கள் கீழே விழுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழுக்கும் குளியலறைத் தரை, இரவில் எழுந்து போகும்போது போடாத விளக்கு, கண்புரை எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கடைசியில் கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருந்தீர்கள்: 'தலை ஸ்கேனில் இரத்தக்கசிவும் மிட்லைன் ஷிப்ட்டும் இல்லை என்று வந்தால் கவலைப்பட வேண்டாம்.' மிட்லைன் ஷிப்ட் என்றால் மூளையின் நடுப்பகுதி நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் தள்ளிப் போவது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் சி.டி. ஸ்கேன் பிரிவில் ரேடியோகிராபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படம் எடுப்பது நாங்கள், ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். இருந்தாலும் கவுண்டரில் கவரை வாங்கிய கையோடு வீட்டுக்காரர்கள் எங்களிடம்தான் வருவார்கள். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். அதில் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிட்ட ஒரே விஷயம் மிட்லைன் ஷிப்ட். 'ஷிப்ட் இருக்கா சார்?' என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் முகம் தெளிந்துவிடும்.

அந்தக் கேள்வியில் தப்பில்லை. மூளை வலது, இடது என இரண்டு பாதி. நடுவில் நெற்றிப் பக்கமிருந்து பின்மண்டை வரை ஒரு தடித்த சவ்வு தொங்குகிறது. இன்னும் உள்ளே, நீர் நிரம்பிய இரண்டு அறைகளுக்கு இடையே மெல்லிய திரை ஒன்று உண்டு. டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் முன் எலும்பிலிருந்து பின் எலும்புக்கு ஒரு நேர்கோடு இழுத்து, அந்த மெல்லிய திரை கோட்டை விட்டு எத்தனை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று அளப்பார். அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். விழுந்த உடனே மூளை உறைக்குக் கீழே இரத்தம் கட்டியிருந்தால், கட்டியின் தடிமன் 10 மி.மீ.க்கு மேல் போனாலோ, ஷிப்ட் 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பது நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டல். அதனால் அந்த எண்ணுக்கு மரியாதை உண்டு. ஆனால் அது ஒரு பக்கத்து அழுத்தம் இன்னொரு பக்கத்தை விட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். தலைக்குள் மொத்த அழுத்தம் எவ்வளவு என்பதைக் காட்டாது.

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், வயது 74. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்டு வந்தார். கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தார். தலையில் காயம்கூட இல்லை. மகன் கவனமானவர், அன்று சாயங்காலமே ஸ்கேன் எடுத்துவிட்டார். புது இரத்தக்கசிவு இல்லை, மிட்லைன் ஷிப்ட் இல்லை, வயதுக்குரிய மூளைச் சுருக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. அதில் எந்தத் தவறும் இல்லை. அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது.

வயதாக ஆக மூளை சுருங்கி மண்டையோட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடும். மூளையின் மேற்பரப்பிலிருந்து உறையின் பெரிய நாளத்துக்குப் போகும் சிறு சிரைகள் அந்த இடைவெளியில் இழுபட்டு நிற்கும். விழும்போது ஏற்படும் குலுக்கலே ஒன்றிரண்டைக் கீறிவிடப் போதும், தலை எங்கும் மோத வேண்டியதில்லை. சிரையிலிருந்து வருவது என்பதால் மெதுவாகக் கசியும். இடம் தாராளமாக இருப்பதால் ஆரம்பத்தில் தலைவலிகூட வராது. கசிந்த இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகி, அந்தச் சவ்வின் நுண்ணிய நாளங்களும் திரும்பத் திரும்பக் கசிந்து வாரக்கணக்கில் அளவு கூடும்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா பகலிலும் தூங்க ஆரம்பித்தார். நடை சிறுசிறு அடியாகிவிட்டது. செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமலே நடந்து போனாராம். சர்க்கரை, வயசு, கோடை வெயில் என்று ஆளுக்கொன்று சொல்லி ஒரு வாரம் போனது. அப்புறம் மறுபடி ஸ்கேன். ரிப்போர்ட்டை வாங்கிய மகன் எனக்குப் போன் செய்தார்: "அண்ணே, மிட்லைன் ஷிப்ட் இல்லைன்னுதான் போட்டிருக்கு. அப்ப ஒண்ணும் பயமில்லைதானே?"

முழுதாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சப்டியூரல் கலெக்ஷன், வலது 13 மி.மீ., இடது 12 மி.மீ., மூளையோடு ஒத்த அடர்த்தி, சல்கை எஃபேஸ்டு, இரண்டு லேட்டரல் வென்ட்ரிக்கிளும் கம்ப்ரஸ்டு. அதாவது, மூளை உறைக்குக் கீழே இரண்டு பக்கமும் இரத்தம் தேங்கி, மூளை மடிப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் மறைந்து, நீர் அறைகள் இரண்டும் நசுங்கியிருந்தன. கடைசியாக, சிக்னிஃபிகன்ட் மிட்லைன் ஷிப்ட் இல்லை.

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு நெருக்கினால் அவர் இடம் மாற மாட்டார், மூச்சுத்தான் முட்டும். இந்த அம்மாவின் மூளை அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் தள்ளியதை இடது பக்கம் சரிக்கட்டிவிட்டதால் நடுத்திரை கோட்டிலேயே நின்றது. உடனே கிளம்பச் சொன்னேன். மதுரைக்குக் கொண்டுவந்து, மாத்திரைகளை நிறுத்தி அதற்கு வேண்டிய ஏற்பாடு செய்து, மண்டையோட்டில் இருபுறமும் சிறு துளை போட்டார்கள். கறுத்து நீர்த்த பழைய இரத்தம் வந்தது. தேறி, நடந்தே வீட்டுக்குப் போனார்.

இந்த வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாக உறைந்த இரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், யார் கண்ணுக்கும் தப்பாது. நாளாக ஆக வெளுப்பு குறையும். மூன்று வாரத்துக்கு மேல் போனால் மூளையை விடக் கறுப்பாகிவிடும். நடுவில் சுமார் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அது மூளையின் அதே சாம்பல் நிறத்தில் இருக்கும் ஒரு கட்டம் வருகிறது. இந்த அம்மாவுக்கு மறுகசிவு கலந்ததாலோ என்னவோ, நான்காவது வாரத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ஷிப்ட் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் என்றால் அந்தத் துப்பும் போய்விடும். அனுபவமுள்ள டாக்டர்கள் அப்போது பார்ப்பது மூளையின் மடிப்புகளை. 74 வயதுக்காரருக்கு மடிப்புகளுக்கு நடுவே பள்ளம் அகலமாகத் தெரிய வேண்டும், நீர் அறைகள் பெரிதாக இருக்க வேண்டும். பள்ளமே இல்லாமல், அறைகள் ஒடுங்கி, இருபது வயதுப் பிள்ளையின் மூளை மாதிரி படம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். முதல் ஸ்கேனில் 'மூளைச் சுருக்கம்' என்று எழுதிய அதே தலையில் இரண்டாவது ஸ்கேனில் சுருக்கத்தைக் காணோம் என்றால் மூளை இளமையாகிவிடவில்லை, வெளியிலிருந்து ஏதோ நெருக்குகிறது. இதற்குத்தான் பழைய ஃபிலிமைக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வோம். ஃபிலிமை ஜன்னல் கண்ணாடிக்கு மறைப்பாக ஒட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன், என்ன செய்ய.

வீக்கத்துக்கும் இதே கணக்குத்தான். மூளை முழுக்கச் சமமாக வீங்கினால் ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஸ் செரிப்ரல் எடிமா' என்று இருக்கும், பக்கத்திலேயே ஷிப்ட் இல்லை என்றும் இருக்கும். இரண்டும் முரண் இல்லை. அங்கே கண் போக வேண்டிய இடம் 'பேசல் சிஸ்டர்ன்ஸ்' என்ற சொல். மூளைத்தண்டைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதி அது. 'பேட்டன்ட்' என்று எழுதியிருந்தால் திறந்திருக்கிறது, அங்கே இன்னும் இடம் இருக்கிறது. 'எஃபேஸ்டு' என்றோ 'கம்ப்ரஸ்டு' என்றோ இருந்தால், ஷிப்ட் பூஜ்யமாக இருந்தாலும் வார்டில் ஓட்டம் தொடங்கிவிடும்.

மாறாக எண் பெரிதாகவும் இரத்தக்கட்டு சிறிதாகவும் வருவதுண்டு. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு இளைஞருக்குச் சப்டியூரல் 6 மி.மீ.தான், ஷிப்ட் 11 மி.மீ. 'மெல்லிசாத்தான் இருக்கு' என்று கூட வந்தவர்கள் ஆறுதல் பட்டார்கள். 6 மி.மீ. கட்டி தானாக 11 மி.மீ. தள்ள முடியாது. மீதியைத் தள்ளுவது அதற்கு அடியில் வீங்கிக்கொண்டிருக்கும் மூளை. கட்டியின் தடிமனை விட ஷிப்ட் கூடுதலாக இருப்பது மோசமான அடையாளம், இரத்தத்தை எடுத்துவிட்டாலும் வீக்கம் அங்கேயே இருக்கும். வயதானவர்களிடம் இதற்கு நேர்மாறாக, 15 மி.மீ. கட்டி இருந்தும் ஷிப்ட் 3 மி.மீ.யில் நிற்கும், சுருங்கிய மூளை இடம் கொடுத்துவிடுவதால். ஆகவே இரண்டு எண்களையும் வயதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'சிக்னிஃபிகன்ட் ஷிப்ட் இல்லை' என்பதற்கு ஷிப்ட்டே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டரை அப்படி எழுதுவது வழக்கம்.

ரிப்போர்ட்டைப் படித்து வீட்டிலேயே முடிவெடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரில் இருந்துகொண்டு மதுரைக்குப் போகலாமா, நாளைக்குப் பார்க்கலாமா என்று யோசிக்கும் இடத்தில்தான் அந்த ஒரு வரி ஆளைத் தடுத்துவிடுகிறது.

கட்டுரையை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால் அந்தக் கட்டத்தை இப்படி மாற்றிப் போடுங்கள்: 'விழுந்த அன்று எடுத்த ஸ்கேன் அன்றைய நிலையைத்தான் சொல்லும். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அடுத்த இரண்டு மாதத்துக்குள் நடை, பேச்சு, தூக்கம், ஞாபகம் இவற்றில் மாற்றம் தெரிந்தால் அதே நாளில் டாக்டரிடம் போய், விழுந்ததையும் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லி, மறுபடி ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். பழைய ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.' கொஞ்சம் நீளம்தான். இடம் போதாது என்றால் பக்கத்தில் போட்டிருந்த கைத்தடிப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்,
செல்லூர், மதுரை.