விசில் வராத குக்கர்: பாத்திரத்தை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்:
5 லிட்டர் குக்கர் வாங்கிய வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: புதிய குக்கரில் மூடியைச் சுற்றி ஆவி கசிவது, விசில் வராதது, சேவை மையம் திரும்பத் திரும்ப கேஸ்கட் மட்டுமே விற்பது குறித்து.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் 5 லிட்டர் அலுமினிய குக்கரை, மூடி வெளிப்புறமாகப் பொருந்தும் மாடலை, தஞ்சாவூரில் உங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினேன். உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. வாங்கிய நாளிலிருந்தே நீண்ட கைப்பிடி இருக்கும் பக்கத்தில் ஆவி கசிகிறது, விசில் வருவதில்லை. சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றால் குக்கரை அடுப்பில் வைத்துக்கூடப் பார்க்காமல், "கேஸ்கட் போய்விட்டது" என்று சொல்லிப் புதிய கேஸ்கட் ஒன்றை விற்று அனுப்புகிறார்கள். உங்கள் உத்தரவாத அட்டையில் ரப்பர் பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சிட்டிருக்கிறது. ஆகவே கோளாறு கேஸ்கட்டில் என்று சொல்லிவிட்டால் செலவு என் தலையில் விழுகிறது. பாத்திரத்தில் என்று ஒப்புக்கொண்டால் உங்கள் பொறுப்பாகிறது. கோளாறு பாத்திரத்தின் வாய் விளிம்பில்தான் இருக்கிறது. அதை எப்படிக் கண்டறிந்தேன் என்பதை முழுமையாக எழுதுகிறேன். உங்கள் பொறியாளர் ஒருவர் படித்து, இதில் எந்த இடம் தவறு என்று சொல்லட்டும்.

முதலில், அடுப்பில் என்ன நடக்கிறது என்பது. பருப்பும் அரிசியும் நுரைத்துப் பொங்கிக் குழப்பம் தரும் என்பதால், சோதனை முழுவதையும் வெறும் தண்ணீரில் செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி, பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால், தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய உடனேயே கைப்பிடிப் பக்கம் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நீர் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. பிறகு அதே இடத்தில் மெல்லிய சீறலோடு ஆவி வருகிறது. வெயிட் போட்டால் அது லேசாக ஆடுவதோடு சரி, எழும்புவதே இல்லை. கால் மணி நேரம் கழித்து ஆறவிட்டுத் திறந்து அளந்தால் தண்ணீர் முக்கால் லிட்டருக்கும் குறைவாக இருக்கிறது. அதே பர்னரில் எங்கள் வீட்டுப் பழைய குக்கர் ஒழுங்காக விசில் அடிக்கிறது. எனவே தீ போதவில்லை என்ற பதிலை ஏற்க முடியாது.

மூடியருகே ஆவி வந்தால் கேஸ்கட்டைப் பார்ப்பதற்கு முன் வெயிட் உட்காரும் குழாயைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மையத்தில் யாரும் அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் விசில் வராது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறும்போது மூடி விளிம்பில் அதற்காகவே விடப்பட்டிருக்கும் நீள்துளை வழியாக கேஸ்கட் பிதுங்கி ஆவியை வெளியே தள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் "மூடியருகே கசிவு, விசில் இல்லை" என்றுதான் தெரியும். ஆனால் இரண்டும் வேறு வேறு. அடைப்பினால் வருவது வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பெருஞ்சத்தத்தோடு பீறிடும். மூடி சரியாகப் பொருந்தாததால் வருவது, அழுத்தம் ஏறுவதற்கு முன்பே, கொதி வந்ததும் மெலிதாகத் தொடங்கி அப்படியே தொடரும். என் குக்கரில் நடப்பது இரண்டாவது வகை. இருந்தாலும் ஊகத்தை நம்பவில்லை. மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்; துளை முழு வட்டமாகத் தெரிகிறது. ஊசியை விட்டால் தடையின்றிப் போகிறது. சமையலறைத் தண்ணீர்க் குழாய்க்கடியில் மூடியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் விட்டால் துளை வழியே சீராக ஒழுகுகிறது. அடைப்பு இல்லை.

வெயிட்டும் சுத்தமாக இருக்கிறது. சேஃப்டி வால்வைச் சுற்றி ஈரம்கூட இல்லை. மூடியின் கைப்பிடித் திருகுகள் இறுக்கமாகவே இருக்கின்றன.

அடுத்தது கேஸ்கட். நீங்கள் விற்ற புதிய கேஸ்கட் மிருதுவாக இருக்கிறது, வெடிப்பு இல்லை, மூடியின் பள்ளத்தில் தொய்வின்றிப் பொருந்துகிறது. அதில் ஓரிடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கைப்பிடிக்கு நேராக வரும்படி மாட்டினேன். கைப்பிடிப் பக்கம் கசிந்தது. ஆறியபின் கழற்றி, புள்ளி நேர் எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டினேன். கோளாறு கேஸ்கட்டில் இருந்தால் கசிவும் அதோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, பழைய இடத்திலேயே கசிந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், இரண்டாவது கேஸ்கட்டை என்னிடம் விற்க உங்கள் ஊழியருக்குக் கை வந்திருக்காது.

மீதி இருப்பவை மூடியும் பாத்திரமும். எங்கள் எதிர்வீட்டில் இதே மாடல், இதே அளவு குக்கர் இருக்கிறது. அவர்களுடைய மூடியை அதன் கேஸ்கட், வெயிட்டோடு வாங்கி என் பாத்திரத்தில் பொருத்தினேன். அதே இடத்தில் கசிந்தது. என் மூடியை அவர்கள் பாத்திரத்தில் பொருத்தினோம். சில நிமிடங்களில் விசில் வந்தது. ஆக, என் மூடியும் கேஸ்கட்டும் வெயிட்டும் நன்றாகவே இருக்கின்றன. குறை பாத்திரத்தில்.

அது என்ன குறை என்பதையும் பார்த்துவிட்டேன். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சைப் பாத்திரத்துக்குள் வைத்து, வாய்மீது வழவழப்பான தரை டைல்ஸ் ஒன்றைக் கவிழ்த்தேன். விளிம்பு முழுவதும் ஒரே மட்டமாக இருந்தால் வெளிச்சம் வெளியே வரக் கூடாது. கைப்பிடிப் பக்கம் ஏறக்குறைய நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெளிச்சக்கோடு தெரிந்தது; நடுவில் தடித்து, இரு முனைகளிலும் மெலிந்து மறைந்தது. டைல்ஸ் வளைந்திருக்குமோ என்று அதைத் திருப்பித் திருப்பி வைத்தேன். கோடு இடம் மாறவில்லை. அந்த இடத்தில் டைல்ஸுக்கும் விளிம்புக்கும் நடுவில், இரண்டாக மடித்த அஞ்சலட்டை நுழைகிறது. மற்ற இடங்களில் ஒற்றைக் காகிதம்கூட நுழையவில்லை. மூடியைத் திருகும்போது கேஸ்கட் இந்த விளிம்பின்மேல்தான் அழுந்தி ஆவியை அடைக்கிறது. விளிம்பு தாழ்ந்த இடத்தில் அழுந்துவதற்கு எதுவும் இல்லை. எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் அங்கே வழி திறந்தே இருக்கும்.

கரண்டியால் விளிம்பில் தட்டித் தட்டி நாங்களே நசுக்கியிருப்போம் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் மையத்தில் அப்படித்தான் சொன்னார்கள். கரண்டி தட்டினால் விளிம்பில் சிறு சிறு பள்ளங்கள் விழும், பளபளப்பு சிதையும், விரலால் தடவினால் நெருடும். இங்கே நெருடல் எதுவும் இல்லை. நீளமாக, வழவழவென்று, மெதுவாக இறங்கி ஏறுகிறது. அது கைப்பிடியின் தாங்கி பொருத்தப்பட்டிருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே தயாரிப்பில் என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் கண்டறிய வேண்டும்.

சேவை மையத்தில் கடைசியாகச் சொன்ன இரண்டு யோசனைகளையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒன்று, மூடியின் ஓரத்தை மரச்சுத்தியால் தட்டி இறுக்கித் தருவதாகச் சொன்னது. சரியாக இருக்கும் மூடியைக் கோணலான பாத்திரத்துக்காக வளைத்தால் இரண்டுமே கெடும். மூடியும் பாத்திரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடிகளின்மேல் அழுத்தம் சமமாக விழாது. மற்றொன்று, வெளிச்சந்தையில் தடித்த கேஸ்கட் வாங்கிப் போடச் சொன்னது. அளவு மீறிய தடிமனில் கேஸ்கட் போட்டால் மூடி முழுவதும் திரும்பிப் பூட்டாமல் நிற்கக்கூடும். அழுத்தம் மிகும்போது பிதுங்கி ஆவியை விட வேண்டிய வேலையையும் அது சரியாகச் செய்யும் என்று நம்ப முடியாது. குக்கரைத் தயாரித்தவர்களே பாதுகாப்பு ஏற்பாட்டைக் கெடுக்கும் வழியைச் சொல்லித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது விசில் சத்தத்துக்கான புகார் மட்டும் அல்ல. நன்றாக அடைத்த குக்கரில் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதால்தான் கொண்டைக்கடலை மாவாக வேகிறது. ஆவி கசியும் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை; ஊறவைத்த கடலைகூட விதைபோல் நிற்கிறது. வேகவில்லை என்று இன்னும் சற்று நேரம் அடுப்பில் விட்டால், உள்ளே தண்ணீர் வற்றுவது தெரியாது. எங்கள் வீட்டில் பெரும்பாலும் சமைப்பவர் என் அம்மா. காலமெல்லாம் விசிலை எண்ணி அடுப்பை அணைத்துப் பழகியவர். விசில் வராத குக்கரில் எதை எண்ணி அவர் அணைப்பது? தண்ணீர் முழுவதும் வற்றினால் அடி தீய்ந்து, சேஃப்டி வால்வு உருகும். இப்போது அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்ற வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டோம்.

வீட்டு உபயோக பிரஷர் குக்கர்கள் ஐ.எஸ். 2347 தரத்தின்படி இருக்க வேண்டும் என்பது 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். என் குக்கரின் மீதும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையை நம்பித்தான் வாங்கினேன்.

நான் கேட்பது: பாத்திரத்தை அல்லது குக்கரையே மாற்றித் தாருங்கள். தேவையின்றி என்னிடம் விற்ற கேஸ்கட்டுகளின் விலையைத் திருப்பித் தாருங்கள். மாற்றிக் கொடுக்கும் குக்கரை மையத்திலேயே தண்ணீர் ஊற்றி, விசில் வரும்வரை என் கண்முன் அடுப்பில் வைத்துக் காட்டுங்கள். தட்டி நிமிர்த்திய பாத்திரத்தை ஏற்க மாட்டேன். உங்கள் தஞ்சாவூர் மையத்தில் ஒரு சமதளப் பலகையும், ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சோதனை மூடியும் வைத்து, கேஸ்கட் விற்பதற்கு முன் குழாயையும் விளிம்பையும் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். எனக்கு நேர்ந்தது கேஸ்கட் வாங்கிக்கொண்டு போன வேறு பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடர்வேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை குறித்து இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கும் எழுதுவேன்.

குக்கரை நான் பழுதுபார்க்கவோ தட்டவோ இல்லை. உங்கள் ஆய்வுக்காக அப்படியே வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வருபவர் ஒரு கேஸ்கட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வராமல், ஒரு சமதளப் பலகையோடு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கடை பில் நகல், உத்தரவாத அட்டை நகல், கேஸ்கட் வாங்கிய ரசீதுகளின் நகல், விளிம்பில் வெளிச்சம் தெரியும் புகைப்படங்கள்.