பேச்சை மாற்றாத மூவருக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய மூவருக்கும்,

கருவுற்ற 17-ஆவது வாரத்தில் எங்கள் குழந்தையை இழந்து ஐந்து மாதங்களுக்கு மேலாகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள். நான் குழந்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். நினைவுபடுத்தி என்னை அழவைத்துவிடக் கூடாது என்கிற அக்கறைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் மறந்திருந்தால்தானே அவர்கள் நினைவுபடுத்த முடியும்?

நீங்கள் மூவரும் அப்படிச் செய்யவில்லை. முதலில் செவிலியர் சகோதரிக்கு என் நன்றி. பிரசவ அறையில், “குழந்தையைப் பார்க்கிறீர்களா? இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை” என்று கேட்டவர் நீங்கள்தான். மற்றவர்கள் ‘அது’ என்று சொன்ன இடத்தில் நீங்கள் ‘குழந்தை’ என்றீர்கள். ஒரு கையகலம்தான் இருந்தது. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. பார்க்காமல் வந்திருந்தால் இன்று எதை நினைத்து அழுவது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குக் கிளம்பும் காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, “இன்னும் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கலாம், பயந்துவிடாதீர்கள்” என்று சொன்னீர்கள். ஏறத்தாழ 16 வாரம் ஆனதிலிருந்தே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடும் என்றும், நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதுவரை பாலைத் தடுத்துவைத்திருந்த ஹார்மோன் சட்டென்று குறைந்துவிடுவதால், குழந்தை இருக்கிறதா இல்லையா என்று அறியாமலே உடல் தன் வேலையைத் தொடங்கிவிடும் என்றும் விளக்கினீர்கள். பீய்ச்சி எடுத்தால் மேலும் சுரக்கும் என்பதால் தாங்க முடியாமல் கட்டிக்கொண்டால் மட்டும் சிறிதளவு எடுக்க வேண்டும், அளவான உள்ளாடையை இரவிலும் அணிந்திருக்க வேண்டும், குளிர்ந்த துணியை ஒற்றி எடுக்கலாம், ஓரிடம் சிவந்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் வர வேண்டும் என்பதையெல்லாம் சீட்டின் பின்புறத்தில் எழுதியும் கொடுத்தீர்கள். சுரப்பை நிறுத்த மாத்திரை உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது, இரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

மூன்றாம் நாள் இரவு சட்டை நனைந்து விழித்துக்கொண்டேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் என் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பேன். குழந்தையின் பேச்சையே எடுக்காதவர்களிடம் பாலைப் பற்றி எப்படிக் கேட்டிருப்பேன்? அன்று இரவு நான் அழுதேன், ஆனால் பயப்படவில்லை. முழுவதுமாக வற்றப் பத்து நாளாயிற்று. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், நான்காம் ஐந்தாம் மாதத்தில் இழந்த வேறொருத்திக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போகலாம் என்பதுதான்.

என் கணவரின் நண்பருக்கு: வந்தவர்கள் அனைவரும் அவரிடம் “அவளைக் கவனித்துக்கொள்” என்றுதான் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டீர்கள். அன்று உங்களோடு வெளியே போனவர் இரண்டு மணி நேரம் கழித்து முகம் வீங்கத் திரும்பிவந்து, அதன்பிறகுதான் என்னிடமும் அழுதார்.

அலுவலகத்து அக்காவுக்கு: வயிறு தெரியத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது நேர்ந்தது; எத்தனை மாதம் என்று கேட்கப்போகிறவர்களை நினைத்தே வேலைக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் தொலைபேசியில் அழைத்து, “நான் முன்கூட்டியே சொல்லிவிடட்டுமா? என்ன வார்த்தையில் சொல்லட்டும்?” என்று கேட்டீர்கள். “குழந்தையை இழந்துவிட்டாள், அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம்” என்று நீங்கள் எழுதிவைத்திருந்ததில் பின்பாதியை மட்டும் மாற்றச் சொன்னேன். “பேசலாம், அவள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாள்” என்று மாற்றினீர்கள். பெரும்பாலோர் பேசவில்லை. இருவர் என் மேசைக்கு வந்து “கேள்விப்பட்டேன், வருத்தமாக இருக்கிறது” என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியையும் அந்த அழைப்பிலேயே கேட்டு வாங்கினீர்கள். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. சென்ற வாரம் அந்த நாள் வந்தது. நானும் கணவரும் காலையிலிருந்து ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தபோது உங்கள் குறுஞ்செய்தி வந்தது: “இன்று அந்தத் தேதி. உங்கள் குழந்தையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.” அதை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அன்று முழுவதும் நாங்கள் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மாறாத நன்றியுடன்,
உங்கள் சகோதரி