பயந்து பயந்து எழுதும் பிள்ளைகள்

ஐயா,

சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், 2015 வெள்ளம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'வீட்டுக்காரர் மாதிரி அடையாறு கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது' என்று எழுதியிருந்தாள். கொடுப்பதற்கு முன் அதை வெட்டிவிட்டு, 'வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது' என்று மாற்றிவிட்டாள். கேட்டால், "நல்லா இருந்தா ஏஐ எழுதினதுன்னு சொல்லிடுவாங்க அத்தை" என்கிறாள்.

கொடுமை என்னவென்றால், ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் பலவும் அடுத்து வரும் சொல்லை எளிதாக ஊகிக்க முடிகிறதா என்றுதான் பார்க்கின்றன. அதனால் தட்டையான நடைதான் அதிகம் மாட்டும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் தன் கருவியையே துல்லியம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது.

மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட மாட்டோம் என்று ஆசிரியர்கள் பருவத் தொடக்கத்திலேயே வகுப்பில் சொல்லட்டும். சந்தேகம் வந்தால் முதல் வரைவையும், கூகுள் டாக்ஸில் பதிவாகும் திருத்த வரலாற்றையும் கேட்டுப் பார்க்கலாம். அப்புறம் பத்து நிமிடம் எதிரில் உட்காரவைத்து, இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய் என்று விசாரிக்கலாம்.

வாசகி,
குரோம்பேட்டை, சென்னை