நாக் நாக் என்றாள்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

"விளையாட்டுக்குப் போன் பண்ணுகிற பிள்ளைகளோடு ஏன் மெனக்கெடுகிறாய், போனை வைத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டிருந்தாய். குழந்தைகள் உதவி கேட்டுக் கூப்பிடுகிற 1098-இல் உட்கார்ந்த புதிதில் நானும் அப்படி வைத்திருக்கிறேன். இப்போது மாட்டேன். கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை நேராக விஷயத்துக்கு வருவது அபூர்வம். எதிர்முனையில் இருப்பவர் திட்டுவாரா, சிரிப்பாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பத்து வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை கூப்பிட்டாள்.

"நாக் நாக்."

"யாரது?"

"பூ."

"பூ ஹூ?"

"ஐயோ ஆன்ட்டி, அழாதீங்க, ஜோக்குதான்!"

'நாக் நாக்' என்பது கதவைத் தட்டுவது போல் ஆரம்பிக்கிற ஆங்கில ஜோக். யாரென்று கேட்டு, வருகிற பெயரோடு 'ஹூ', அதாவது 'யார்', சேர்த்துத் திரும்பக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பூ ஹூ' என்றால் விம்மி அழுகிற சத்தமும்கூட. கேட்டவரே அழுதது போல் ஆகிவிடுகிறது. எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது, சிரித்தேன். பதிலுக்கு நான் ஒரு ஜோக் சொல்லவில்லை. சொன்னால் அது போட்டியாகிவிடும், பிள்ளையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

விளையாடுகிற அந்த அரை நிமிடத்தில் காது வேறு வேலை பார்க்கும். பின்னால் நாலு பேர் கிசுகிசுத்துச் சிரித்தால் பெரும்பாலும் வெறும் விளையாட்டு. சிரித்து முடித்ததும் அவர்களே வைத்துவிடுவார்கள். இவள் பின்னால் டிவி சத்தம் மட்டும்தான். ஜோக் முடிந்தும் வைக்கவில்லை. கொஞ்சம் மௌனம், அப்புறம் அவசரமாக இன்னொரு "நாக் நாக்."

அதற்கும் பதில் சொன்னேன். மூன்றாவதற்குப் போகவில்லை. "எதுக்குக் கூப்பிட்ட?" என்று கேட்டால் அது அதட்டலாகத்தான் விழும். அதனால், "நல்லா சொல்றியே, வீட்டுல யாருகிட்ட சொல்லிக் காட்டுவ?" என்றேன்.

"அம்மாகிட்ட. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

அப்புறம் மெதுவாக எல்லாம் வந்தது. அப்பாவுக்கு இரவு வேலை, வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். சாப்பிட்டார்களா, கதவு பூட்டியிருக்கிறதா, பக்கத்து வீட்டில் தெரிந்தவர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். விலாசத்தைக் கடைசியில்தான் கேட்டேன், முதலிலேயே கேட்டால் பயந்துவிடுவார்கள். மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஆட்கள் அன்றிரவே போய்ப் பார்த்தார்கள்.

எல்லா அழைப்பும் இப்படி இல்லை. இரண்டு ஜோக்குக்குப் பிறகும் ஒன்றுமில்லை என்றால், "பயமா இருந்தா, யாராவது அடிச்சா, இந்த நம்பருக்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த பிள்ளைக்கு லைன் வேண்டுமே. குரலில் அழுகையோ நடுக்கமோ தெரிந்தால் விளையாட்டே கிடையாது, "இப்ப நீ இருக்கிற இடத்துல பயமில்லாம பேச முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சாந்தி