ஆண்டு விழாப் படங்களை முகம் தேடும் தளத்தில் ஏற்ற வேண்டாம்

பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஆண்டு விழாப் படங்கள் மொத்தத்தையும் ஒரு இணையதளத்தில் ஏற்றிவிடலாம், பிள்ளையின் படம் ஒன்றைக் கொடுத்தால் அந்த முகம் இருக்கும் படங்களை மட்டும் அதுவே பொறுக்கித் தந்துவிடும் என்று குரூப்பில் ஒரு யோசனை வந்திருக்கிறது. கல்யாண போட்டோகிராபர்கள் பலர் இப்போது இப்படித்தான் படங்களைக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளித் தள்ளித் தேடியவர்களுக்கு இதில் ஆசை வருவது நியாயம்தான். ஆனாலும் நம் பள்ளிக்கு இது வேண்டாம் என்கிறேன்.

படங்கள் ஏறியதும் அந்தத் தளம் ஒவ்வொரு படத்திலும் உள்ள முகங்களை எல்லாம் கண்டுபிடித்து, ஒவ்வொரு முகத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் கொடுக்கும் படத்தையும் அதேபோல மாற்றி, எது நெருங்கி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஆக, உங்கள் பிள்ளையைத் தேட வேண்டுமென்றால் மேடையில் நின்ற அத்தனை பிள்ளைகளின் முகங்களையும் அது முன்கூட்டியே எண்ணாக்கி இருக்க வேண்டும். குரூப்பிலேயே இல்லாத பெற்றோரின் பிள்ளையும் அதில் அடக்கம். பிறகு படத்தை அழித்தாலும், அந்த எண்களும் சேர்ந்து அழிகிறதா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இதைவிட என்னை உறுத்துவது, யார் தேடலாம் என்பது. தளம் முகம் பொருந்துகிறதா என்று பார்க்குமே தவிர, கேட்பவர் அந்தப் பிள்ளைக்கு யார் என்று பார்க்காது. லிங்க் எப்படியும் மாமா, சித்தி, பக்கத்து வீடு என்று போய்விடும். அது கையில் இருக்கும் ஒருவரிடம், யாரோ ஸ்டேட்டஸில் வைத்த ஒரு குழந்தையின் படமும் இருந்தால் போதும். அந்தக் குழந்தை எந்த வகுப்பு, யாரோடு நிற்கிறது, மேடைக்குப் பின்னால் யார் அழைத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் ஒரே தேடலில் வந்து விழும். குடும்ப வழக்கு நடக்கும்போது, பிள்ளை படிக்கும் பள்ளியையே வெளியே சொல்லாமல் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவர் குரூப்பில் வந்து காரணம் சொல்லி மறுக்க மாட்டார்.

இத்தனைக்கும் வேலையாவது ஒழுங்காக நடக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். குழந்தைகளின் முகங்களில் ஆள் மாற்றிக் காட்டும் தவறு அதிகம் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2019 ஆய்வில் பதிவு செய்திருக்கிறது. பரதநாட்டிய மேக்கப்பிலும் புலி வேஷத்திலும் பெற்ற தாயே தேட வேண்டியிருக்கிறது!

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெறச் சொல்கிறது. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் முதல்தான் அமலாகும் என்பது உண்மை. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கும் உண்டு. ஆனால் அது தனிமனிதருக்கு. பள்ளியோ கழகமோ முன்னின்று செய்வதை அதில் சேர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்மிஷன் படிவத்தில் படம் எடுக்கக் கையெழுத்துப் போட்டதை இதற்கும் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. சுவீடனில் ஒரு பள்ளி 22 மாணவர்களை வைத்து முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் சோதனையை நடத்தியது. பெற்றோர் சம்மதித்தும், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2019இல் 2 லட்சம் குரோனா அபராதம் விழுந்தது. பள்ளியைச் சார்ந்து இருப்பவர்கள் அதனிடம் சுதந்திரமாக மறுத்துச் சொல்லும் நிலையில் இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம்.

மாற்று வழி பழையதுதான். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிந்திருக்கும். நிகழ்ச்சி நிரலில் எந்த நடனம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்தால், நிகழ்ச்சிவாரியாக ஃபோல்டர் பிரித்துவிடலாம். இரண்டு கேமராக்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால், குத்துவிளக்கு ஏற்றிய கணத்தை இரண்டிலும் தேடி எடுத்து வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். அந்தந்த ஃபோல்டரை, அதில் ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் மின்னஞ்சலுக்கு மட்டும் திறந்து வைத்து, ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம். ‘லிங்க் உள்ள எவரும்’ என்ற வசதியை மட்டும் தொடாதீர்கள்.

குரூப் போட்டோவைக் கார்ட்டூனாக மாற்றித் தரும் செயலிகளுக்கும் என் பதில் இதேதான். ஆசை இருந்தால் உங்கள் பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றுங்கள்; மற்ற முகங்களை மங்கலாக்கி ஏற்றுவது போதாது.

அடுத்த கூட்டத்தில் இதை முடிவுக்கு எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். ஃபோல்டர் பிரிக்கும் வேலையை நானே செய்து தருகிறேன். மேடைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் கையில் வைத்திருந்த நிகழ்ச்சி நிரல் மட்டும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்