ஃபாயிலில் சுற்றி வைத்த உருளைக்கிழங்கு: வடசென்னைச் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

சென்ற மாதம் தண்டையார்பேட்டையில் உறவினர் வீட்டு வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மாலை நான்கு மணிக்கு அடுப்பிலிருந்து எடுத்து, ஃபாயிலில் சுற்றியபடியே தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிய உருளைக்கிழங்குகளில் பாதி, இரவு பதினொன்றரைக்கும் மீதமிருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் நீர் முத்துக்கள், தோல் ஊறியிருந்தது, கை பொறுக்கும் வெதுவெதுப்பே இருந்தது. "காலையில மசிச்சு சாட்டுக்குப் போட்டுக்கலாம்ணா" என்றார் பரிமாறிய தம்பி. அந்தப் பேச்சுதான் இம்மடலை எழுத வைத்தது.

மண்ணில் விளையும் கிழங்கின் தோலில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். வேகும் கிழங்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் மற்ற கிருமிகள் மடிந்தாலும் இந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் அவை வளர மாட்டா. ஆனால் இறுகச் சுற்றிய ஃபாயில் காற்றைத் தடுத்து, ஈரத்தையும் வெதுவெதுப்பையும் உள்ளேயே பிடித்து வைக்கிறது. கிழங்கிலோ வளர்ச்சியைத் தடுக்கும் புளிப்பு இல்லை. வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்க இதற்குமேல் வேண்டியது நேரம் மட்டுமே. ஃபாயிலில் சுற்றிய பீட்ரூட், கேரட்டுக்கும் இது பொருந்தும்.

1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் இப்படித்தான் நடந்தது. ஓர் உணவகத்தில் ஃபாயிலோடு சுட்ட கிழங்குகளை, அறைச் சூட்டில் பல நாள் வைத்திருந்ததாகத் தெரிகிறது. பிறகு அவற்றை மசித்துத் தொட்டுக்கொள்ளும் கலவைகளில் சேர்த்தனர். 30 பேர் நோயுற்றனர். நால்வருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. நம் மண்டபத்தில் ஒரே இரவுதான் என்பீர்கள். ஆபத்து அதனால் குறைகிறது, இல்லாமல் போவதில்லை. அதே பெட்டி மறுநாள் வேறொரு மண்டபத்துக்குப் போவதையும் நாம் அறிவோம்.

முகர்ந்தோ ருசித்தோ இந்த நஞ்சைக் கண்டுகொள்ள முடியாது. நன்கு கொதிக்க வைத்தால் அது சிதையும், ஆனால் சாட்டுக்கு மசித்த கிழங்கை யாரும் மறுபடி கொதிக்க வைப்பதில்லை. உண்டவருக்குப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. காய்ச்சல் இராது, நினைவும் தெளிவாக இருக்கும். அவரைத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, என்ன சாப்பிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். சுற்றிய கிழங்கைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்குமேல் சூடாகவே வையுங்கள். தெர்மோகோல் பெட்டி அந்தச் சூட்டைத் தக்கவைக்காது, அடியில் கனல் வேண்டும். மீதியை வைத்துக்கொள்வதானால், சூடு தணியும் முன்பே ஃபாயிலைப் பிரித்து, தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். ஃபாயிலோடு வெதுவெதுப்பாகக் கிடந்த கிழங்கை, நட்டமானாலும், குப்பையில் கொட்டிவிடுங்கள். அன்று அந்தத் தம்பியும் நான் சொன்னதைக் கேட்டுப் பெட்டியோடு கொட்டினார்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி ஒருவர்