மாமரத்தில் ஒட்டியிருந்த ஓடு

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

பாலக்கோட்டுத் தோப்பில் நீ எடுத்த மாமரப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மூணு பூச்சி இருக்குப்பா, ஒண்ணு செத்து ஒட்டிக்கிட்டிருக்கு, மருந்து அடிக்கணுமா?" என்று கேட்டிருந்தாய். மருந்து வேண்டாம். செத்தது எதுவும் அதில் இல்லை.

மேலே இருப்பது சில்வண்டு. கோடையில் காது அடைக்கிற மாதிரி கத்துமே, அதேதான். கத்துவது ஆண் மட்டும். அதன் கண்கள் தலையின் இரு ஓரத்திலும் துருத்தி நிற்கும். உணர்கொம்பு மயிரளவுதான். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிகிற இறக்கைகள் உடம்பைத் தாண்டி நீண்டு, ஓட்டுவீட்டுக் கூரை போல இருபுறமும் சரிந்திருக்கும்.

வலப்பக்கம் பட்டையோடு பட்டையாகத் தட்டையாக இருப்பது கேடயப் பூச்சி. நிறத்தை வைத்து முடிவு பண்ணாதே, இரண்டுமே பட்டை நிறத்தில் வரும். இதன் முதுகு நடுவில் பெரிய முக்கோணம் தெரியும். உணர்கொம்பு நீண்டு, ஐந்து கணுவாக இருக்கும். இறக்கை முதுகின் மேல் படிந்து கிடக்கும். அதன் முன்பாதி தடிப்பு, நுனி மட்டும் மெல்லிய சவ்வு. தொட்டால் கை நாறும்.

நீ செத்தது என்று நினைத்தது சில்வண்டு கழற்றிப்போட்ட ஓடு. அதன் குஞ்சு வருஷக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து வேர்ச்சாற்றை உறிஞ்சும். பூச்சிக்கு எலும்பு வெளியே, தோலாக இருக்கிறது. அது உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் இறுகும்போதெல்லாம் உரிக்க வேண்டும். கடைசித் தோலை உரிக்கத்தான், பெரும்பாலும் இருட்டின பிறகு, மண்ணைத் துளைத்து மரம் ஏறுகிறது. நகத்தைப் பட்டையில் அழுத்தி மாட்டிக்கொள்ளும். முதுகு நீளவாக்கில் வெடிக்கும், வெளிறின உடம்பு அதன் வழியே பிதுங்கி வரும். சுருண்ட இறக்கைக்குள் உடம்பு நீரைச் செலுத்தி விரித்து, காய்ந்து நிறம் ஏறினதும் பறந்துவிடும். நகம் மாட்டினது மாட்டினபடியே இருப்பதால்தான் ஓடு விழாமல் நிற்கிறது.

போட்டோவிலேயே முதுகுக் கீறல் தெரிகிறது பார். கீறலுக்குள் வெள்ளை நூல் மாதிரி தொங்குவது மூச்சுக்குழாயின் உள்தோல். அதையும் சேர்த்தே உரித்துவிடுகிறது! முன்னங்கால் தடித்து, முள்ளோடு மண் தோண்டுகிற அமைப்பில் இருக்கிறது. கேடயப் பூச்சியும் தோல் உரிக்கும், ஆனால் அந்தத் தோல் சின்னதாக, தட்டையாக இருக்கும். தோண்டுகிற கால் அதற்குக் கிடையாது.

அடுத்த முறை முதுகு, பக்கவாட்டு, வயிறு என்று மூன்று கோணத்தில் எடு. ஓட்டை இழுக்காதே, நகத்தை ஒவ்வொன்றாக விடுவித்துத் திருப்பு. வயிற்று நுனியில் முட்டையிடும் ஊசியின் உறை நீளக்கோடாகப் பதிந்திருந்தால் அதிலிருந்து வந்தது பெண். அந்தப் படத்தை எனக்கு அனுப்பு.

அப்பா